அந்தத் தலை எந்தப் படத்திலிருந்து வந்தது?

அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதி யுலிசிஸ் கிராண்ட், சிட்டி பாயின்ட் முகாமில் கம்பீரமாகக் குதிரை மேல் அமர்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. அது மூன்று படங்களை ஒட்டிச் செய்தது என்பதை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தார் துப்பறிந்து கண்டுபிடித்தார்கள். தலை மட்டுமே கிராண்டுடையது. 1864 ஜூனில் கோல்ட் ஹார்பரில் அவர் நின்றுகொண்டிருந்தபோது எடுத்தது. உடலும் குதிரையும் மெக்குக் என்ற வேறொரு தளபதியுடையவை. பின்னணியில் இருப்பதோ போர்க் கைதிகளின் முகாம். 1902 வாக்கில் இதைச் செய்தவர் ஹேண்டி என்ற புகைப்படக்காரர். தலை, உடலோடு பொருந்தாத கோணத்தில் திரும்பியிருந்ததும் அவரைக் காட்டிக்கொடுத்த தடயங்களில் ஒன்று.

இன்று இந்த வேலை பெரும்பாலும் குரூப் போட்டோவுக்காக நடக்கிறது. பதினான்கு பேர் நிற்கும் அறுபதாம் கல்யாணப் படத்தில் பாட்டி மட்டும் கண்ணை மூடிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வேறு படத்திலிருந்து அவர் முகத்தை எடுத்து வைக்க வேண்டும். வீட்டார் மூன்று படங்களைத் தருகிறார்கள்: பேரன் கைபேசியில் எடுத்த அழகான செல்ஃபி, மணமேடையில் பக்கவாட்டில் எடுத்த சிரிப்புப் படம், அதே குரூப் போட்டோவுக்குச் சில நொடி முன்பு எடுத்த இன்னொரு படம். கடைசிப் படத்தில் பாட்டி சிரிக்கவில்லை. ஆனால் கண் திறந்திருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது கோணம். அதற்குக் காதுகள் போதும். மூல முகத்திலும் மாற்ற வேண்டிய முகத்திலும் இரண்டு காதும் ஒரே அளவு தெரிந்தால், தலை ஒரே பக்கம் திரும்பியிருக்கிறது. கண்ணின் மட்டத்தோடு ஒப்பிட்டால் காதின் மேல்நுனி எங்கே நிற்கிறது என்பது, முகவாய் நிமிர்ந்திருக்கிறதா தாழ்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடும். மணமேடைப் படத்தில் பாட்டியின் ஒரு காது மறைந்தே போயிருக்கிறது. எத்தனை நேரம் போட்டோஷாப்பில் உட்கார்ந்தாலும் மறைந்த கன்னத்தை மீட்க முடியாது. அதைத் தள்ளிவிடலாம்.

செல்ஃபியில் பாட்டி நேராகத்தான் பார்க்கிறார். அங்கே சிக்கல் தூரம். சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து எடுத்த செல்ஃபியில், ஐந்தடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அப்படிப்பட்ட முகத்தைப் பத்தடி தள்ளி எடுத்த குரூப்பில் வைத்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரியும்.

கோணம் சேரவில்லை என்று படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பாட்டியின் மூக்குத்தி மறுபக்கம் போய்விடும், வகிடும் மாறும். கால்ஹூன் என்ற அரசியல்வாதியின் உடலில் ஆபிரகாம் லிங்கனின் தலையை வைத்து அச்சிட்ட புகழ்பெற்ற படம் பிடிபட்டது இப்படித்தான். தலையைத் திருப்பிப் போட்டதால் அவர் கன்னத்து மரு இடம் மாறியிருந்தது.

அடுத்தது முகபாவம். சிரிப்பு உதட்டோடு நிற்பதில்லை. உண்மையாகச் சிரிக்கும்போது கன்னம் மேலேறும், கீழிமை சற்றே மேலே தள்ளப்படும், கண்ணோரம் சுருங்கும். அதனால் சிரிக்காத படத்திலிருந்து கண்ணை மட்டும் வெட்டிச் சிரிக்கும் முகத்தில் வைத்தால், வாய் ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்லும். முகம் முழுவதையும், கூடுமானால் கழுத்துவரை, ஒரே படத்திலிருந்து எடுப்பதே சரி. குரூப்பில் மற்றவர்கள் புன்னகைக்கையில் பாட்டி அமைதியாக இருப்பது யாருக்கும் உறுத்தாது.

தெளிவு கடைசியில்தான் வருகிறது. 24 மெகாபிக்சல் படத்தில் வரிசைக்கு ஏழு பேர் நின்றால், ஒரு முகம் 200 பிக்சல் அகலம் இருக்கலாம். மூல முகம் அதே அளவோ பெரிதோ இருக்க வேண்டும். சிறியதைப் பெரிதாக்கினால் மழுங்கிவிடும். மிகப் பெரியதும் ஆபத்து: சுருக்கியபின் பாட்டியின் முகம் மட்டும் பக்கத்தில் நிற்பவர்களைவிடக் கூர்மையாகத் தெரியும். அப்போது லேசாக மழுக்கி, மற்ற முகங்களில் உள்ள புள்ளிப்புள்ளியான இரைச்சலையும் சேர்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் பிக்சல் குறைந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்ல வேண்டும்.

ஆக, பாட்டிக்குப் பொருந்துவது மூன்றாவது படம். தூரம், கோணம், தெளிவு எல்லாம் ஒன்று. மூக்கின் கீழ் விழும் நிழல்கூட ஒரே பக்கம்.

ஆஸ்திரேலிய அறிவியலாளர் பியர்ஸ் பார்ன்ஸ் இதற்கு எளிய கணக்கு ஒன்று தந்திருக்கிறார்: இருபது பேருக்குள் இருந்தால் ஆள் எண்ணிக்கையை நல்ல வெளிச்சத்தில் மூன்றால், மங்கலில் இரண்டால் வகுக்க வேண்டும். அத்தனை படம் எடுத்தால் எல்லோரும் கண் திறந்த ஒன்று அநேகமாகக் கிடைத்துவிடும். பதினான்கு பேருக்கு ஐந்து, மண்டபம் மங்கலானால் ஏழு. அடுத்த விசேஷத்தில் புகைப்படக்காரரிடம் அத்தனை படம் கேளுங்கள், ஒன்றையும் அழிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். முகத்தை மாற்றுவதற்கு முன் பாட்டியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.