தொண்ணூறு நாள் விசாரணை

கோவா பல்கலைக்கழகத்தின் ஒரு துறைத் தலைவர்மீது 2009-இல் மாணவிகள் பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார்கள். குழு கூடியது. அடுத்தடுத்து அமர்வுகள் நடந்தன. அவர் உடல்நிலையைச் சொல்லி அவகாசம் கேட்டபோது, அவர் இல்லாமலேயே விசாரணையை முடித்து, ஜூன் மாதத்திலேயே அறிக்கையும் கொடுத்துவிட்டார்கள். வேலை போனது. அவர் நீதிமன்றம் போனார். 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. 2009 மே 5 அன்று விசாரணை எந்த நிலையில் இருந்ததோ, அங்கிருந்து மறுபடி தொடங்கச் சொன்னது.

அவர் தவறு செய்யவில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தன் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்பு தரப்படவில்லை என்று மட்டுமே சொன்னது. குழுவின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம்; ஆனால் சில வாரங்களை மிச்சம் பிடிக்கப் போய்ப் பதினான்கு ஆண்டுகள் பறிபோயின. அந்த இழப்பில் புகார் கொடுத்த பெண்களுக்கும் பங்கு உண்டு.

பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வந்தது 2013-இல். அலுவலகங்களில் ‘போஷ்’ என்று சொல்வது இதைத்தான். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும்; உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள்; ஒருவர் வெளியாள், பெரும்பாலும் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர். பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றாலோ, முதலாளியே குற்றம் சாட்டப்பட்டவர் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும்.

நடைமுறையைப் பார்க்க ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனம். மெர்ச்சண்டைசிங் பிரிவில் ஓர் இளம்பெண். ஜனவரியிலிருந்து மேனேஜர் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். முதலில் “சாப்பிட்டாச்சா?”, பிறகு “தனியா எங்கேயாவது போலாமா?”. கடைசிச் செய்தி மார்ச் 10. அவள் ஏப்ரல் 2 அன்று எழுத்தில் புகார் தருகிறாள்.

சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தொடர் சம்பவங்கள் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம், அந்தக் காரணத்தை எழுதி வைத்துக்கொண்டு. அதற்கு மேல் வழியில்லை. ஒரு துணைவேந்தர்மீதான புகார், 2023 ஏப்ரலில் நடந்ததற்கு டிசம்பரில் தரப்பட்டதால் காலம் கடந்தது என்று தள்ளுபடியானது. 2025-இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. எழுதத் தெரியாத பெண் என்றால் எழுதிக் கொடுக்க உதவுவது குழுவின் கடமை. இது பல குழுக்களுக்கே தெரியாது.

புகார் கிடைத்த ஏழு வேலை நாட்களுக்குள் அதன் நகல் மேனேஜருக்குப் போக வேண்டும். சுருக்கமோ வாய்வழித் தகவலோ போதாது. அவர் பத்து வேலை நாட்களுக்குள் தன் பதிலையும் சாட்சிகளின் பெயரையும் தர வேண்டும். இதற்கிடையில், அந்தப் பெண்ணின் ஆண்டு மதிப்பீட்டை எழுதும் பொறுப்பு மேனேஜரிடமிருந்து மாற வேண்டும் என்று அவள் கேட்டால், குழு பரிந்துரைக்கலாம். இருவரில் ஒருவரை இடமாற்றலாம். அவளுக்கு மூன்று மாதம் வரை விடுப்பும் தரலாம். கேட்காமலே அவளை வேறு பிரிவுக்குத் தூக்கிப் போட்டுவிட்டு ‘உன் பாதுகாப்புக்குத்தான்’ என்பது பல எச்.ஆர். அதிகாரிகளின் வழக்கம். அவளுக்கு அது தண்டனையாகத்தான் படும்.

அவள் விரும்பினால் சமரசமும் பேசலாம். ஆனால் பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் செய்யச் சட்டம் அனுமதிக்கவில்லை.

விசாரணை அமர்வில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், தலைவர் உட்பட. வழக்கறிஞருக்கு இடமில்லை. நம் உதாரணத்தில் அவள் மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகளை நீட்டுகிறாள். ஒன்றில் தேதி இல்லை. விவரம் தெரிந்த குழு ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காது. இருவரின் போனையும் வாங்கி அந்த உரையாடலை முன்னும் பின்னுமாக வாசிக்கும், தேதியோடு குறித்துக்கொள்ளும், குறிப்பில் இருவரிடமும் கையெழுத்து வாங்கும்.

மேனேஜர் ஒரு துருப்புச்சீட்டை இறக்குகிறார்: பிப்ரவரியில் அவள் அனுப்பிய “ஓகே சார்”, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை. “பிடிக்கவில்லை என்றால் ஏன் பிளாக் பண்ணவில்லை?” என்று கேட்கிறார். குறுக்கு விசாரணைக்கு அவருக்கு உரிமை உண்டு. அதற்காக நேருக்கு நேர் உட்கார வைக்க வேண்டும் என்பதில்லை. கேள்விகளை எழுதி வாங்கி, குழுவே அவளிடம் கேட்பது பரவலான நடைமுறை. அவளது காதல், உடை பற்றிய கேள்விகளைக் குழு அடித்துவிடலாம். அடித்த காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். பிளாக் கேள்வி மட்டும் அவளிடம் போகிறது. “லீவு, ஷிப்ட் எல்லாம் அந்த நம்பர்லதான் சார் கேட்கணும். அந்த ஓகேகூட லீவு குடுத்ததுக்குத்தான்” என்கிறாள். போனைப் பார்த்தால் அந்தச் செய்திக்கு மேலேயே விடுப்பு விண்ணப்பம் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பார்த்திருந்தால் இது கிடைத்திருக்காது.

அவர் அமர்வுக்கே வராவிட்டால்? காரணமின்றித் தொடர்ந்து மூன்று முறை வராதவரை விட்டுவிட்டுக் குழு தீர்மானிக்கலாம், ஆனால் பதினைந்து நாள் முன்னதாக எழுத்தில் எச்சரித்த பிறகே. 2009-இல் கோவாவில் இந்த விதி கிடையாது. அதற்கான எச்சரிக்கை அந்த வழக்கிலேயே இருக்கிறது.

குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்கவே அதிக வாய்ப்பு எனக் காட்டும் அளவுக்குச் சான்று இருந்தால் போதும். நேரில் பார்த்த சாட்சி இல்லை என்பதற்காகவே புகாரைத் தள்ளிவிட முடியாது. நிரூபிக்க முடியாமல் போனது பொய்ப் புகாரும் ஆகாது; கெட்ட எண்ணத்தோடு கொடுத்தாள் என்று தனியாக விசாரித்து நிலைநாட்டினால்தான் அவள்மீது நடவடிக்கை.

முடிவு எட்டியதும் அதன் நகல் இருவருக்கும் போக வேண்டும், ஆட்சேபம் சொல்வதற்காக. பெரும்பாலான குழுக்கள் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். விசாரணைக்கு மொத்தம் 90 நாள். ஜூன் 30-இல் அது முடிகிறது என்றால், அறிக்கை பத்து நாளில், ஜூலை 10-க்குள். நிர்வாகம் 60 நாளில், அதாவது செப்டம்பர் 8-க்குள் செயல்பட வேண்டும்: எச்சரிக்கை, பதவி உயர்வு நிறுத்தம், பணிநீக்கம், சம்பளத்தில் பிடித்து இழப்பீடு என எதுவாகவும் இருக்கலாம்.

மேல்முறையீட்டுக்கு 90 நாள். பலர் தடுக்கி விழுவது இங்கே. அந்தக் கணக்கு தண்டனை உத்தரவிலிருந்து தொடங்குவதில்லை, குழுவின் பரிந்துரையிலிருந்தே தொடங்குகிறது. ஜூலை 10 என்றால் அக்டோபர் 8. நிர்வாகம் கடைசி நாள் வரை இழுத்தால், அதிருப்தி அடைந்தவர் கையில் மிஞ்சுவது ஒரு மாதம்தான்.

மேல்முறையீட்டில் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையில் ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வழக்கு இருக்கிறது. பின்னால் ஒட்டி நின்றார், தோளைத் தொட்டார், கைகுலுக்க வற்புறுத்தினார் என்று மேலாளர் ஒருவர்மீது பெண்கள் புகார் கொடுத்தார்கள். வேலையைக் கண்காணிக்கவே அருகில் நின்றதாக அவர் சொன்னார். உள்ளகக் குழு அவர்மீது தவறு கண்டது. அவர் மேல்முறையீடு செய்ய, தொழிலாளர் நீதிமன்றம் இயற்கை நீதி மீறப்பட்டது என்று குழுவின் முடிவை ரத்து செய்தது. 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, குழுவின் முடிவை மீட்டது. செய்தவரின் நோக்கம் என்ன என்பதைவிட, அந்தச் செயல் அந்தப் பெண்களுக்கு விரும்பத்தகாததாக இருந்ததா என்பதையே நீதிபதி ஆர்.என். மஞ்சுளா பார்த்தார்.