எழுத்தை எண்ணினால் மொழி தெரியுமா?

சில வருடங்களுக்கு முன் நான் இருந்த பத்திரிகை அலுவலகத்தில் வாசகர் கடிதங்கள் மின்னஞ்சலில் வந்து குவியும். தமிழில் எழுதியவை ஒரு மேசைக்கும், ஆங்கிலத்தில் எழுதியவை இன்னொரு மேசைக்கும், இரண்டும் கலந்தவை எனக்கும் வர வேண்டும் என்று ஏற்பாடு. பிரிக்கிற வேலையை ஒரு சின்ன நிரல் செய்தது. கடிதத்தில் தமிழ் எழுத்து எத்தனை, ஆங்கில எழுத்து எத்தனை என்று எண்ணி, ‘தமிழ்’, ‘ஆங்கிலம்’, ‘கலப்பு’ என்ற மூன்றில் ஒரு பெயரும் பக்கத்தில் சதவீதமும் போட்டுத் தரும். ஒரு நாள் ‘ஆங்கிலம், 100%’ என்று குறிக்கப்பட்ட கடிதம் ஒன்றை ஆங்கில மேசைக்காரர் என்னிடம் கொண்டுவந்தார். “ஏதோ குப்பை மாதிரி இருக்கு, அழிச்சிடவா?” என்று கேட்டார். முதல் வரி `tzf;fk;` என்று இருந்தது.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், எண்ணிக்கை என்று நாம் சொல்வது எதை என்று பார்த்துவிட வேண்டும். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது. யூனிகோடு என்ற உலகப் பொது அட்டவணையில் தமிழுக்கு `U+0B80` முதல் `U+0BFF` வரை 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆங்கில எழுத்துகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஆகவே ஒரு எழுத்தின் எண்ணைப் பார்த்ததுமே அது தமிழா, ஆங்கிலமா என்று சொல்லிவிடலாம். அகராதி தேவையில்லை, இலக்கணம் தேவையில்லை. இடைவெளி, முற்றுப்புள்ளி, தொலைபேசி எண், சிரிக்கும் பொம்மை எல்லாம் இரண்டு பக்கமும் சேராதவை. அவற்றைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது. எடுத்தால் ஒரு தொலைபேசி எண் கூடுதலாக வந்ததற்காகத் தமிழின் சதவீதம் குறைந்துவிடும்.

இது எளிதாகத் தெரிகிறது. ஆனால் ஒரு சின்ன வாக்கியத்தை எடுத்து விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: “நாளைக்கு meeting இருக்கு.”

பள்ளிக்கூடத்தில் எண்ணுகிற மாதிரி எண்ணினால், நா-ளை-க்-கு நான்கு எழுத்து, இ-ரு-க்-கு நான்கு எழுத்து. தமிழ் எட்டு. meeting ஏழு. தமிழ் 53.3%, ஆங்கிலம் 46.7%. ஏறத்தாழ பாதிக்குப் பாதி.

கணினி இப்படி எண்ணுவதில்லை. ‘கு’ என்பதை அது ‘க’ என்றும் உகரக் குறி என்றும் இரண்டாக வைத்திருக்கிறது. ‘க்’ என்பது ‘க’வும் புள்ளியும். எனவே ‘நாளைக்கு’ அதற்கு எட்டு, ‘இருக்கு’ ஏழு, மொத்தம் பதினைந்து. ஆங்கிலம் அதே ஏழு. இப்போது தமிழ் 68.2%, ஆங்கிலம் 31.8%.

சொற்களை எண்ணினால் தமிழ் இரண்டு, ஆங்கிலம் ஒன்று: 66.7%, 33.3%.

வாக்கியம் ஒன்று, விடை மூன்று. மூன்றும் கணக்குப்படி சரி. யாராவது “இது 68 சதவீதம் தமிழ்” என்று சொன்னால், எதை எண்ணிச் சொல்கிறீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

சொற்களை எண்ணும் வழியை நான் விட்டுவிட்டேன். நம் ஆட்கள் எழுதுகிற விதம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. “officeல leave போட்டாச்சு” என்று எழுதுகிறார்கள். ‘officeல’ எந்த மொழிச் சொல்? வேர் ஆங்கிலம், வேற்றுமை உருபு தமிழ், நடுவில் இடைவெளி இல்லை. சொல்லாகப் பார்த்தால் எந்தப் பக்கம் தள்ளினாலும் தவறு. எழுத்தாகப் பார்த்தால் ஆறு அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம் என்று நியாயமாகப் பிரிந்துவிடும்.

கணினியின் துண்டுகளை எண்ணலாமா, பள்ளிக்கூடத்து எழுத்தை எண்ணலாமா என்பதுதான் உண்மையான கேள்வி. நான் பள்ளிக்கூடத்தின் பக்கம். முதல் காரணம், அதை யாரும் கையால் சரிபார்க்கலாம். இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘க’வும் ஒகரக் குறியும் என்று இரண்டு துண்டாக ஒரு வழி. ‘க’, முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று மூன்று துண்டாக இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். துண்டுகளை எண்ணினால், ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு கருவியில் தட்டச்சு செய்து அனுப்பும்போது இரண்டு சதவீதம் வரக்கூடும். எழுத்தை எண்ணினால் எப்படிச் சேமித்திருந்தாலும் ‘கொ’ ஒன்றுதான்.

எழுத்தை எண்ணுவதற்குக் கடினமான வழியும் வேண்டாம். உயிரெழுத்து, ஆய்தம், அகரம் ஏறிய மெய், இவற்றை மட்டும் எண்ணி, குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டால் போதும். ‘வணக்கம்’ என்பதில் வ, ண, க, க, ம என்று ஐந்து கிடைக்கும், நாம் எண்ணுவதும் ஐந்துதான். க்ஷ, ஸ்ரீ போன்ற இடங்களில் மட்டும் ஒன்று கூடுதலாக வரும். அதனால் எதுவும் கெட்டுவிடாது.

நிரலை எழுதிப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக, பைத்தானில்:

```python
import re

def label(text):
    text = re.sub(r"https?://\S+|\S+@\S+", " ", text)
    ta = len(re.findall(r"[\u0B83-\u0BB9]", text))
    en = len(re.findall(r"[A-Za-z]", text))
    if ta + en == 0:
        return "none", 0, 0, 0
    t = round(100 * ta / (ta + en), 1)
    name = "tamil" if t >= 75 else "latin" if t <= 15 else "mixed"
    return name, t, round(100 - t, 1), ta + en
```

இதில் முதல் வேலை, இணைய முகவரிகளையும் மின்னஞ்சல் முகவரிகளையும் நீக்குவது. அதைச் செய்யாமல் நாங்கள் பட்டது போதும். ‘பேருந்து நிலையத்தில் தண்ணீர் இல்லை’ என்று ஒருவர் எழுதி, படத்துக்கான இணைப்பையும் கீழே ஒட்டியிருப்பார். தமிழ் எழுத்து பதினேழு. `https://example.com/photos/streetlight` மாதிரி ஓர் இணைப்பில் மட்டும் ஆங்கில எழுத்து 32. ஒரு ஆங்கிலச் சொல்கூட எழுதாத அந்த மனிதரின் கடிதம் 34.7% தமிழாகிவிடும். தண்ணீர் வரவில்லை என்ற புகார் தமிழ் மேசைக்குப் போகாமல் கலப்புக் கூடையில் கிடக்கும்.

அடுத்தது எல்லைக்கோடு. 75 என்றும் 15 என்றும் ஏன் வைத்தேன்? 80, 20 என்று வைத்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் தமிழுக்கு அநியாயம். ‘இருக்கு’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் irukku, ஆறு எழுத்து. தமிழில் நான்கு. நம் உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றும் மெய்யையும் உயிரையும் சேர்த்துச் சுமப்பதால், அதே பேச்சு தமிழில் குறைந்த எழுத்தில் அடங்கிவிடுகிறது. தமிழ் எழுத்து ஒன்றை ஆங்கில எழுத்து ஒன்றரைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டு, பேச்சில் எண்பது பங்கு தமிழ் என்பது எழுத்தில் எத்தனை என்று கணக்குப் போட்டால் சுமார் 73 வருகிறது. மறுபக்கம், பேச்சில் இருபது பங்கு தமிழ் என்பது எழுத்தில் சுமார் 14. அதைத்தான் 75, 15 என்று முழுமையாக்கிக்கொண்டேன். உங்கள் கடிதங்கள் வேறு மாதிரி இருந்தால் கோடும் நகரும். நூறு கடிதங்களைக் கையில் எடுத்து, படித்து, இது எந்த மேசைக்கு என்று நீங்களே குறித்துவிட்டுப் பிறகு நிரலின் விடையோடு ஒப்பிடுங்கள். கோட்டை எங்கே போடுவது என்பது அப்போது தெரிந்துவிடும்.

நிரல் கடைசியில் தருகிற நான்காவது எண் மொத்த எழுத்து. அதை வேண்டுமென்றே சேர்த்தேன். ‘நன்றி sir’ என்று வந்தால் மூன்றுக்கு மூன்று, சரியாக 50%. அறுநூறு எழுத்துள்ள கடிதத்திலும் 50% வரலாம். முதலாவதில் ஒரு சொல்லை மாற்றினால் எல்லாம் தலைகீழாகிவிடும், இரண்டாவதில் அசையாது. பத்து எழுத்துக்குக் குறைவாக இருந்தால் சதவீதத்தை நம்பாமல் ஆளே பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் அந்தப் பெயர். நிரலில் `english` என்று எழுதாமல் `latin` என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நிரல் பார்ப்பது எழுத்தை, மொழியை அல்ல. “naalaikku varen sir, konjam late aagum” என்று எழுதினால் அது நூறு சதவீதம் லத்தீன் எழுத்து. ஆனால் அது ஆங்கிலம் என்று சொன்னால் எந்த ஆங்கிலேயரும் ஒப்ப மாட்டார். மதுரையில் சௌராஷ்டிர மொழி பேசுகிறவர்கள் தங்கள் மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதுவதுண்டு. அதற்கு இந்த நிரல் கண்ணை மூடிக்கொண்டு ‘தமிழ்’ என்று முத்திரை குத்தும். எழுத்தை எண்ணும் வழிக்கு இதற்கு மேல் பார்வை கிடையாது.

ஒரு சின்ன உபாயம் மட்டும் உண்டு. ஆங்கிலத்தில் உண்மையாகவே எழுதிய முப்பது சொல்லில் the, is, of, and போன்றவை அநேகமாக வராமல் இருக்காது. `latin` என்று வந்த கடிதத்தில் இவை ஒன்றுகூட இல்லையென்றால் தனியே எடுத்துவைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நம் வீட்டுப் பேச்சு ஆங்கில உடுப்பு போட்டு வந்திருக்கும்.

`tzf;fk;` என்ற கடிதமும் அந்தச் சோதனையில் மாட்டியிருக்கும், அப்போது அது எங்களிடம் இல்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழைத் திரையில் காட்ட ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்தின் உருவத்தை அழித்து, அந்த இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்த எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். பாமினி அப்படிப்பட்டது. ஈழத்தமிழர்களிடையே வெகுவாகப் புழங்கியது. அதில் t என்றால் வ, z என்றால் ண, f என்றால் க, k என்றால் ம, அரைப்புள்ளி என்றால் மெய்யின் புள்ளி. `tzf;fk;` என்பது ‘வணக்கம்’. எழுதியவர் தன் கணினியில் அழகான தமிழைப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறார். எங்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. நிரல் எண்ணியது t, z, f, f, k என்ற ஐந்து ஆங்கில எழுத்தை. தமிழ் பூஜ்யம்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அரைப்புள்ளிக்குப் பின் இடைவெளி வரும், சொல்லின் நடுவில் அது வராது. பாமினியிலோ க்க, ம்ம, த்த என்று வருகிற இடமெல்லாம் எழுத்து, அரைப்புள்ளி, எழுத்து என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். `[A-Za-z];[A-Za-z]` என்ற வடிவம் ஒரு கடிதத்தில் நாலைந்து முறை வந்தாலே நிரல் சதவீதம் போடாமல் ‘பழைய எழுத்துரு’ என்று ஒதுக்கிவிடும்படி மாற்றினோம்.

அன்று அந்தக் கடிதத்தை அழிக்கவில்லை. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி மறுபடி நிரலுக்குக் கொடுத்தேன். தமிழ் 98.2% என்று வந்தது. மிச்சம் இருந்த ஆங்கிலம், அடியில் அவர் ஆங்கில எழுத்தில் போட்டிருந்த தன் பெயர்.