கடைசிப் பெட்டியிலிருந்து நிரப்புங்கள்

ஏறுவரிசையில் அடுக்கிய இரண்டு அணிகள். முதல் அணி a-இல் 4, 9, 15, 22 என நான்கு எண்கள். அவற்றுக்குப் பின்னால் மூன்று பெட்டிகள் காலி. இரண்டாவது அணி b-இல் 2, 10, 30. புதிதாக மூன்றாவது அணி எதையும் உருவாக்காமல், ஏழு எண்களையும் a-க்குள்ளேயே வரிசையாக வைக்க வேண்டும்.

கை தானாக முன்பக்கம்தான் போகும். மிகச் சிறியது 2. அது போக வேண்டிய முதல் பெட்டியில் 4 இருக்கிறது. அதை அழிக்காமல் இருக்க, நான்கு எண்களையும் ஒவ்வொரு பெட்டி தள்ள வேண்டும். பிறகு 10 வரும்போது 15, 22 இரண்டும் மறுபடி நகரும். அணிக்கு ஆயிரம் எண்கள் இருந்து, b-இல் உள்ளவை எல்லாமே சிறியவையாக அமைந்துவிட்டால், பத்து லட்சம் நகர்த்தல்கள் ஆகிவிடும்.

காலியிடம் பின்னால்தானே இருக்கிறது? அங்கிருந்தே தொடங்கலாம். இரண்டு அணிகளின் கடைசி எண்களையும் ஒப்பிடுங்கள்: 22, 30. பெரியது 30, அது கடைசிப் பெட்டிக்குப் போகிறது. அடுத்து 22-ஐயும் 10-ஐயும் ஒப்பிட்டால் 22 அதற்கு முந்தைய பெட்டிக்கு. பிறகு 15. இப்போது எதிர் நிற்பவை 9, 10. இதில் 10 போக வேண்டிய பெட்டி, 22 முன்பு இருந்த இடம். அதை அழித்தால் நட்டமில்லை. 22 ஏற்கெனவே பின்னால் பத்திரமாக இருக்கிறது. தொடர்ந்து 9, 4, கடைசியாக 2. ஏழே முறை எழுதினோம், வேலை முடிந்தது.

இது தற்செயலாக அமைந்ததல்ல. நிரப்பப்போகும் பெட்டிக்கும் a-இல் இன்னும் எடுக்காத கடைசி எண்ணுக்கும் உள்ள தூரம், b-இல் மிச்சமிருக்கும் எண்களின் எண்ணிக்கைக்கு எப்போதும் சமம். b-இல் ஒன்றாவது மிச்சம் இருக்கும்வரை, எடுக்காத எண்ணின் மேல் எழுத வாய்ப்பே இல்லை. b தீர்ந்துவிட்டால் தூரம் பூஜ்யம். A-இல் மீந்தவை தத்தம் இடத்திலேயே இருக்கின்றன. இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

பைத்தானில், எண்ணிக்கைகள் m, n என்றால்:

```
i, j, k = m-1, n-1, m+n-1
while j >= 0:
    if i >= 0 and a[i] > b[j]:
        a[k] = a[i]; i -= 1
    else:
        a[k] = b[j]; j -= 1
    k -= 1
```

பலர் விட்டுவிடுவது `i >= 0` என்ற சோதனையை. நம் எடுத்துக்காட்டில் 4-ஐ நகர்த்தியதும் a தீர்ந்துவிடுகிறது, b-இல் 2 மட்டும் மிச்சம். சோதனை இல்லையென்றால் அடுத்துப் படிக்கப்படுவது `a[-1]`. பைத்தானில் அது பிழையல்ல, அணியின் கடைசி எண். ஆக, முதல் பெட்டியில் 2-க்குப் பதில் 30 வந்து உட்காரும். b-இன் எண்கள் a-இன் முதல் எண்ணைவிடப் பெரியவையாக இருந்தால் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. அதனால் சிறிய எண் b-இல் இருக்கும்படியும், a முழுக்கக் காலியாக இருக்கும்படியும் ஓட்டிப் பாருங்கள்.

காலியிடம் a-இன் முன்பக்கம் இருந்தால் எல்லாமே திரும்பிவிடும்: சிறிய எண்ணை முதலில் எடுத்து, முன்னாலிருந்து நிரப்ப வேண்டும்.