பழைய ஏபிஐயை எப்படி மூடுவது?

ஏதோ ஒரு கடையின் இணையதளத்தில் அந்தக் கடையின் ட்வீட்கள் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தால், அந்தத் தளம் ட்விட்டரின் சர்வரிடம் அவற்றைக் கேட்டு வாங்குகிறது என்று பொருள். எப்படிக் கேட்க வேண்டும், எந்த வடிவில் பதில் வரும் என்ற ஏற்பாடுதான் ஏபிஐ. ஏற்பாடு மாறும்போது பழைய பதிப்புக்கு ஒரு கடைசி நாள் குறித்து, அதைப் பயன்படுத்தும் டெவலப்பர்களுக்கு அறிவிப்பு எழுதுவது அந்தக் குழுவின் தலைவர் வேலை.

ட்விட்டர் 2012 செப்டம்பரில் 1.1 பதிப்பை வெளியிட்டு, பழைய முதல் பதிப்பிலிருந்து மாற ஆறு மாதம் தந்தது. முகவரியில் மாறியது சின்ன எண்தான்:

```
/1/statuses/user_timeline.json
/1.1/statuses/user_timeline.json
```

இதை மட்டும் பார்த்தவர்கள் அரை மணி நேர வேலை என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் முதல் பதிப்பில் யார் என்று சொல்லாமலேயே பலவற்றைக் கேட்டு வாங்கலாம். 1.1இல் ஒவ்வொரு கோரிக்கையும் ஓஆத் என்ற அடையாளச் சான்றுடன் வர வேண்டும். எக்ஸ்எம்எல், ஆர்எஸ்எஸ் வடிவங்களும் போய், ஜேசான் மட்டுமே மிஞ்சியது. ஆர்எஸ்எஸ்ஸை நம்பியிருந்த தளத்துக்கு எண்ணை மாற்றினால் போதாது. நிரலையே திருத்தி எழுத வேண்டும். நல்ல அறிவிப்பு தேதிக்கு அடுத்தபடியாக இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அறிவிப்பு யார் கைக்குப் போகும்? சாவி வாங்கிப் பதிவுசெய்தவர் என்றால் மின்னஞ்சல் அனுப்பலாம். அடையாளம் சொல்லாமல் கேட்பவரைப் பற்றி சர்வர் பதிவேட்டில் இருப்பவை ஐபி எண் போன்ற சில விவரங்கள்தான். அந்த நிரலை எழுதியவர் வேலையை விட்டே போயிருக்கலாம். அவருக்கு யார் கடிதம் போடுவது?

அதற்குத்தான் ஒத்திகை நிறுத்தம். 2013 மார்ச்சில் தொடங்கி ட்விட்டர் பழைய பதிப்பை அவ்வப்போது சிறிது நேரம் மூடித் திறந்தது. கடைத் தளத்தில் ட்வீட் பெட்டி திடீரென்று காலியானால், கடைக்காரர் யாரையாவது கூப்பிட்டுக் கேட்பார். கூப்பிடப்பட்டவர் அப்போதுதான் அறிவிப்பைத் தேடிப் படிப்பார். கொஞ்சம் முரட்டு வழிதான். இருந்தாலும் ஒரேயடியாக மூடி அதிர்ச்சி தருவதைவிட இது மேல். நிறுத்தங்களை வெவ்வேறு நேரங்களில் வைப்பதும் முக்கியம். இரவில் ஒருமுறை மட்டும் ஓடும் நிரல் பகல் நிறுத்தத்தில் சிக்காது.

கடைசி நாளும் தள்ளிப்போய், 2013 ஜூன் 11 அன்று முதல் பதிப்பு நிரந்தரமாக மூடப்பட்டது. இப்படி மூடிய பின் சர்வர் தர வேண்டிய பதில் `410 Gone`. `404 Not Found` வந்தால், முகவரியைத் தப்பாக எழுதிவிட்டோமோ என்று டெவலப்பர் தன் நிரலைக் கிளறிக்கொண்டிருப்பார். 410 என்றால் இருந்தது, வேண்டுமென்றே எடுத்துவிட்டோம் என்று அர்த்தம். 2019இல் `Sunset` என்ற தலைப்புவரியும் வந்தது. ஒவ்வொரு பதிலுடனும் மூடும் தேதியை அதில் அனுப்பலாம். ஆனால் அந்த வரியைப் படிக்கும்படி எதிர்முனையில் நிரல் எழுதியிருந்தால்தான் அது கண்ணில் படும்.