ஆசிரியர் மேசைக்கு ஓர் உப்புநீர்க் கடிதம்

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றின் மேலாளருக்கு, ஜவுளித் தொழில் இதழில் ஒரு கட்டுரை எழுத ஆசை என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியருக்கு அவர் அனுப்பும் முதல் மின்னஞ்சல் அநேகமாக இப்படி இருக்கும்: "ஜவுளித் துறையில் நீர் மேலாண்மை பற்றி எழுத விரும்புகிறேன். எனக்கு 20 ஆண்டு அனுபவம் உண்டு."

இதற்குப் பதில் வருவது அரிது. பொருள் இருக்கிறது, கோணம் இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறை கட்டாயமானதும் இதழின் வாசகர்களுக்கு அத்துப்படி. அவர்களும் பட்டறைக்காரர்கள்தானே! அவர்களுக்குத் தீராத தலைவலி வேறு. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து திரும்பி வரும் உப்புநீரை மறுபடி சாயத்தொட்டியில் ஊற்றும்போது சில சமயம் நிறம் தவறிவிடுகிறது. நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிச்சமிருந்தால் சாயம் திரிந்து துணியில் திட்டு விழும். காரத்தன்மை மிச்சமிருந்தால், சோடா போடுவதற்கு முன்பே சாயம் நூலைப் பிடித்துக்கொண்டு நிறம் சீராக ஏறாது.

ஆக, இரண்டாவது கடிதத்தின் பொருள் வரி இப்படி மாறுகிறது: "மீட்ட உப்புநீரில் நிறம் தவறுவது ஏன்? தொட்டியில் ஊற்றும் முன் செய்யவேண்டிய இரண்டு சோதனைகள்." அதற்குக் கீழே நான்கு வரி போதும். எந்தச் சிக்கல், என்ன செய்து பார்த்தார், விளைவு என்ன, வாசகர் எதைத் தம் பட்டறையில் செய்து பார்க்கலாம் என்பவை. 1,200 சொல், இரண்டு படம், வேறு எங்கும் அனுப்பவில்லை என்ற குறிப்பும் சேரலாம்.

தகுதியைச் சொல்லும் வரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். பட்டங்களையும் விருதுகளையும் அடுக்குவதைவிட, "நான்கு ஆண்டுகளாக மீட்ட உப்புநீரில் பருத்தித் துணிக்குச் சாயமிடும் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது" என்ற ஒரே வாக்கியம் வலுவானது. இந்தக் கட்டுரையை இவர் ஏன் எழுதவேண்டும் என்ற கேள்விக்கு அது நேராகப் பதில் சொல்கிறது. எழுதுபவர் சாய ரசாயனம் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவரென்றால் அதையும் அங்கேயே சொல்லிவிடவேண்டும். கட்டுரையின் நடுவில் தம் சரக்கின் பெயர் தலைகாட்டினால், ஆசிரியர் அதை விளம்பரப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்.

அனுப்பும் முன் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்பதும் அவசியம். சோதனை எண்கள் பட்டறைக்குச் சொந்தம். ஆசிரியர் "எழுதி அனுப்புங்கள்" என்ற பிறகு முதலாளி மறுத்தால், பக்கத்தை ஒதுக்கி வைத்தவருக்கு அடுத்த முறை இவர் கடிதத்தைத் திறக்கவே மனம் வராது.

இரண்டு வாரம் பதிலில்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதிலில்லையென்றால், முதல் இதழுக்கு "திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம்.