ஆட்டம் குறைவது எப்படி?

பங்கு ஃபண்ட் ஒன்று ஆண்டுக்கு 14% தரலாம். அந்த எதிர்பார்ப்பிலிருந்து ஏறி இறங்கும் அளவான திட்ட விலக்கம் 20%. கடன்பத்திர ஃபண்ட் ஒன்றுக்கு 8%, 10%. இரண்டும் சேர்ந்து ஆடும் அளவான ஒட்டுறவு 0.2. இவை கணக்குக்காக எடுத்த எண்கள்.

பணத்தைப் பாதிப்பாதி போட்டால் வருமானம் நேர் சராசரி: 11%. இடர் அப்படிச் சராசரியாவதில்லை. ஒவ்வொரு ஃபண்டிலும் பங்களவை விலக்கத்தால் பெருக்கினால் 10, 5. இவற்றின் வர்க்கங்கள் 100, 25. இரண்டும் சேர்ந்து ஆடுவதற்கு 2×10×5×0.2 = 20. கூட்டுத்தொகை 145, அதன் வர்க்கமூலம் சுமார் 12%. சராசரியோ 15%.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. முழுப்பணத்தையும் கடன்பத்திரத்தில் வைத்திருப்பவர் 15% பணத்தைப் பங்குக்கு மாற்றினால் வருமானம் 8.9% ஆகிறது, விலக்கம் 10-லிருந்து சுமார் 9.6% ஆகக் குறைகிறது! ஒட்டுறவு 0.5-க்குக் கீழே, அதாவது இரு விலக்கங்களின் விகிதத்துக்குக் கீழே, இருந்தால்தான் இது நடக்கும்.

1952-இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் முன்வைத்த கணக்கு இது. ஆனால் ஒட்டுறவு பழைய விலைகளிலிருந்து கிடைக்கும் மதிப்பீடுதான். அது 0.8-க்கு ஏறினால் பாதிப்பாதிக் கலவையின் விலக்கம் 14%-ஐத் தாண்டிவிடும்.