உங்களுக்குத் தெரியுமா? திருநெல்வேலி இலை வேலைக்காரரைத் தேடும் மருந்து!

மலச்சிக்கலுக்குத் தரும் நிலாவாரை, உலகச் சந்தையில் ‘டின்னவேலி சென்னா’ என்றே விலைபோகிறது. தென் மாவட்ட வறண்ட நிலங்களில் விளையும் இலை இது.

இதன் மருந்துப் பொருள் சென்னோசைடு ஏ, பி. இவை கிளைக்கோசைடு வகை. அதாவது, ஒரு மருந்து மூலக்கூறோடு சர்க்கரை ஒட்டியிருக்கும். அந்தச் சர்க்கரை இருக்கும்வரை இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைக் கழற்றி, ரெய்ன் ஆந்த்ரோன் என்ற செயல்படும் பொருளை உண்டாக்குகின்றன. அதுதான் குடலை அசைக்கிறது. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். இரவு சாப்பிட்டால் காலையில் வேலை செய்வதன் காரணம் இதுவே.

ஆய்வகத்தில் பாக்டீரியாவின் வேலையை அமிலம் செய்கிறது. இலைத்தூளை நீர்த்த கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவிட்டு, குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்க வேண்டும். பிரித்தெடுத்த குளோரோஃபார்மில் அம்மோனியா விட்டால், அம்மோனியா அடுக்கு இளஞ்சிவப்பாகும். இதுவே போர்ன்ட்ரேகர் சோதனை. கொதிக்கவைக்காமல் செய்தால் சர்க்கரை பிரியாது. நிறம் மங்கலாகவோ, வராமலோ போகும்.

தேர்வுக்கு: நிலாவாரை வேதியியல்படி ஆந்த்ராகுவினோன் கிளைக்கோசைடு, செயல்படி மலமிளக்கி. மற்ற வகைகளோடு ஒப்பிட்டால், சின்கோனா பட்டையின் குயினைன் ஆல்கலாய்டு, டிராகன்டார்ஃப் கரைசலில் ஆரஞ்சு வீழ்படிவு தரும். கடுக்காயின் டானின், ஃபெரிக் குளோரைடில் கருநீலமாகும்.